சின்னம்மாவின் கதவில் ஒட்டிய அறிவித்தல்

எங்கள் சட்டத்தரணிக்கு எப்படி நன்றி சொல்வது என்பது எனக்குக் கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கும்போதுதான் பிடிபட்டது. கையில் எங்கள் வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. வீட்டை வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் சட்டத்தரணி, கட்டளை மட்டும் போதாது, வழக்கேடு முழுவதும் வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பெரிய கட்டைக் கொடுத்துவிட்டு, தன் வாழ்நாள் முழுவதும் அங்கேயே நிற்கலாம் என்பது போல் நின்றார். சும்மா நிற்பது எனக்கு வராது. கையில் இருந்ததைப் புரட்டத் தொடங்கினேன்.

நடுவில் ஓர் அறிக்கை. நீதிமன்ற அறிவித்தல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் சிங்களத்தில் கையால் எழுதியது. எதிர்மனுதாரர் அந்த விலாசத்தில் இல்லை. அறிவித்தல் வீட்டின் முன்கதவில் ஒட்டப்பட்டது. அவ்வளவுதான்.

அன்று அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள் நான். அங்கே நடந்தது எனக்குத் தெரியும், சின்னம்மாவுக்குத் தெரியும். எங்கள் சட்டத்தரணிக்கு இந்த ஒரு வரிதான் தெரியும். இதை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போயிருப்பார். அவருடைய அலுவலகத்தில் நான் எத்தனையோ காலைகள் காத்திருந்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு, என்ன ஆனது என்று சொல்வதற்காக ஒருவரும் படியேறி வந்ததை நான் பார்த்ததில்லை.

அம்மா நல்ல சேலை ஒன்று எடுத்துக் கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எந்த மாதிரிச் சேலை உடுப்பார் என்பதில் எங்களுக்குள் ஏற்கெனவே தர்க்கம். கடை வாசலில் நின்றபடியே நான் முடிவு செய்தேன். சேலை அம்மாவின் பாடு. நான் அவருக்கு அந்த ஒரு வரியின் பின்பக்கத்தைச் சொல்வேன்.

கொட்டாஞ்சேனை வீடு அம்மாவுக்கும் அம்மாவின் தங்கைக்கும், அதாவது என் சின்னம்மாவுக்கும், பாதிப் பாதி. பிரிக்கப்படாத பாதி, இந்த அறை உனக்கு, அந்த அறை எனக்கு என்றில்லை, ஒவ்வொரு செங்கல்லிலும் இருவருக்கும் பங்கு. அம்மா கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். சின்னம்மா அங்கேயே இருந்தார், தனியாக, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. குளியலறை கீழே, படுக்கையறை மேலே, நடுவில் செங்குத்தான மரப்படி. முழங்கால் வீங்கத் தொடங்கியதும் சின்னம்மா அந்தப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதை ஒருநாள் அம்மா பார்த்துவிட்டார். அன்றே பேச்சுத் தொடங்கியது. வீட்டை விற்பது, சின்னம்மாவுக்கு எங்களுக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள ஒரு சிறிய ஃப்ளட் வாங்குவது. பக்கத்து ஹார்ட்வெயார் கடை முதலாளி வீட்டைக் களஞ்சியமாக்கக் கேட்டுக்கொண்டேயிருந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஃப்ளட்டும் அகப்பட்டது. எல்லாம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

வங்கியின் சட்டத்தரணி வீட்டின் உறுதிப் பத்திரங்களைப் பார்க்கும் வரை.

தாத்தா சின்னம்மாவின் பாதியைச் சீதன உறுதியாக எழுதிக்கொடுத்திருந்தார். இன்னாரை மணமுடிக்கும் என் மகளுக்கு என்று அந்த உறுதியே சொன்னது. வங்கியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கணவரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே?

அந்தக் கணவர் எங்கே என்பது எங்களுக்கே தெரியாது. நான் பிறப்பதற்குச் சற்று முன்பு, ஒரு முகவர் மூலம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர். வழியில் ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சின்னம்மா பொட்டும் தாலியுமாகவே இருந்தார். வீட்டில் அந்தக் கணவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. நான் அவரை ஒரு கலியாணப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாலைக்கு மேலே சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய மனிதர்.

வீடு விற்கும் தரகர் உடனே ஒரு யோசனை சொன்னார். சின்னம்மாவின் பழைய அடையாள அட்டையில் தகப்பன் பெயர்தான் இருக்கிறது, சீதனம் என்ற சொல் வராதபடி புதிதாக ஒரு நன்கொடை உறுதியைச் சுற்றிவளைத்து முடித்து, விவாகமாகாதவர் என்றே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று. சின்னம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். அதன் பிறகு அவரை வீட்டுக்குள் எடுக்கவில்லை.

அப்படித்தான் நாங்கள் புதுக்கடையில் அந்த அலுவலகத்துக்குப் போனோம். ஒடுங்கிய படி, மேலே ஒரு அறை, சுவர் முழுக்க நாடா கட்டிய கோப்புகள். சட்டத்தரணி நாற்பதுகளில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்மணி. தலையில் சாம்பல் நிற ஸ்காஃப், கண்ணாடியை ஸ்காஃபுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு அதையே தேடுவார். நாங்கள் அவரை மெடம் என்றோம்.

நான்தான் முதலில் கதைத்தேன். வரும் வழியிலேயே எல்லாவற்றையும் ஃபோனில் வாசித்துவிட்டிருந்தேன்.

“மெடம், இது தேசவழமைப் பிரச்சினை எண்டு பேங்க் சொல்லுது. ஆனா நாங்கள் கொழும்பு ஆக்கள். அம்மாவும் சின்னம்மாவும் கொட்டாஞ்சேனையில பிறந்தவை. காணியும் யாழ்ப்பாணத்தில இல்லை. அப்ப அது எங்களுக்குப் பொருந்தாது எண்டு ஒரு கடிதம் குடுத்தா முடிஞ்சுதுதானே?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “முடிஞ்சா நல்லம்தான் தங்கச்சி. கடிதம் எழுத எனக்கு அஞ்சு நிமிஷம். மத்தவங்க அதை ஏத்துக்கணுமே.” பிறகு சின்னம்மா பக்கம் திரும்பினார். “ஆன்ட்டி, ஒங்கட ஹஸ்பண்ட் எந்த ஊர்?”

அம்மா தன் கைப்பையைத் திறந்து மூடினார்.

“யாழ்ப்பாணம், வடமராட்சி,” என்றார் சின்னம்மா.

“பொறந்ததும் அங்கேயா? வாப்பா, உம்மா எல்லாரும்?”

“ஓம். கொழும்புக்கு வேலைக்கு வந்தவர். கலியாணமும் ஊர்க் கோயில்லதான் நடந்தது. பிறகு எங்களோட கொட்டாஞ்சேனையில இருந்தவர்.”

“ஊருக்குத் திரும்பிப் போற எண்ணம் இருந்திச்சா அவருக்கு?”

சின்னம்மா யோசித்தார். “கிணத்தடியில ஒரு வீடு கட்டோணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். படம் எல்லாம் கீறி வச்சிருந்தவர்.”

அப்படி ஒரு வீட்டுப் படம் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

மெடம் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறான தேசவழமை, காணியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் சட்டம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். யாழ்ப்பாணத்து வாசலான ஆனையிறவைத் தாண்டினால் கழன்றுவிடும் என்று. கொழும்பில் என்னைப்போல நினைக்கிறவர்கள் ஏராளம் என்றார். திருமண உடைமை விஷயத்தில் அது ஆட்களைப் பின்தொடர்கிற சட்டம். வடக்கைச் சேர்ந்த, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவரை ஒரு பெண் மணந்தால், அவள் எங்கே பிறந்திருந்தாலும், அந்த மணம் நிலைக்கும் வரை அவளுக்கும் அதுதான். மனைவி தன் அசையும் பொருள்களை விருப்பப்படி கொடுக்கலாம். மரணசாசனம் எழுதலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அசையாத சொத்தை விற்கவோ கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

“அவளோட சொந்தச் சீதனம் எண்டாலுமா?” என்றேன்.

“அவளோட சொந்தம் எண்டாலும்.”

“இது என்ன அநியாயம் மெடம்.”

“அநியாயம்தான். அதைப் பத்தி நீங்க பேப்பருக்கு எழுதுங்க, நான் வாசிக்கிறேன். இப்ப ஆன்ட்டிக்கு வழி பாப்போம்.”

ஆள் போய்விட்டார், அவர் கொண்டுவந்த சட்டம் மட்டும் இத்தனை காலமும் சின்னம்மாவோடு குடியிருந்திருக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சின்னம்மாவின் முகத்தில் அது இல்லை. அங்கே என்ன இருந்தது என்று அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

வழிகள் மூன்று என்றார் மெடம். ஒன்று, நீண்ட காலம் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதும்படி கேட்டு, மரணப் பதிவுவரை போவது. இரண்டாவது, கைவிட்டுப் போனார் என்று சொல்லி விவாகரத்துக் கேட்பது. மெடம் மூன்றாவதுக்கு வர முன்பே, இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் முதலாவதைத் தெரிவுசெய்துவிட்டேன்.

“அதுதான் சுத்தமான வழி சின்னம்மா. ஒருக்கா எடுத்தா எல்லாத்துக்கும் பாவிக்கலாம்.”

அம்மாவும் தலையாட்டினார். “எவ்வளவு காலமாச்சு. இனி என்னடி.”

சின்னம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மெடத்தைப் பார்த்துத்தான் சொன்னார். “அவர் செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன். எனக்குத் தெரியாது. என்னை விட்டிட்டுப் போனார் எண்டும் வைக்க மாட்டன். அதுவும் எனக்குத் தெரியாது. எங்க இருக்கிறார் எண்டு தெரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு வீடு விக்க ஏலாது எண்டா, நான் படியில இருந்து இருந்தே இறங்கிறன்.”

ஃப்ளட் விற்கிறவர் முற்பணத்துக்குக் கெடு வைத்திருந்தார். ஹார்ட்வெயார் முதலாளி வேறு இடமும் பார்க்கிறார் என்று கேள்வி. ஒரு கையெழுத்தில் எல்லாம் இருக்கிறது. எனக்குச் சின்னம்மாவை உலுக்க வேண்டும் போலிருந்தது.

மெடம் மட்டும் அவசரப்படவில்லை. கண்ணாடியைத் தேடி, தலையிலிருந்து இறக்கி, அலுமாரியிலிருந்து தடித்த ஒரு சட்டத் தொகுதியை எடுத்தார். பக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் விரலால் தேடித்தான் வாசித்தார். கணவரின் சம்மதம் தேவைப்படும் இடத்தில், அவர் பைத்தியமாகிவிட்டால், நீண்டகாலம் சிறையில் கிடந்தால், காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதிக்கலாம். அந்தப் பட்டியலின் நடுவில் இன்னொன்றும் இருந்தது.

“அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால்,” என்று வாசித்தார் மெடம். நிமிர்ந்தார். “ஆன்ட்டி, நீங்க சொன்னதைத்தான் எழுதி வச்சிருக்கிறாங்க. ஒங்கட தாத்தா காலத்துக்கு முந்தியே.”

சின்னம்மா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, தானே ஒரு முறை வாசித்தார். “அப்ப, எனக்கு முதலும் ஆரோ இருந்திருக்கினம்,” என்றார்.

அந்த வழி லேசானதல்ல. இருக்கும் இடம் தெரியாது என்றால் போதாது. தேடியும் தெரியவில்லை என்று காட்ட வேண்டும். மெடம் ஒவ்வொன்றாகச் செய்வித்தார். கணவருடைய அண்ணன் குடும்பத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம். அண்ணன் உயிரோடு இல்லை, அண்ணியிடமிருந்து, தங்களுக்கும் ஒரு செய்தியும் இல்லை என்று ஊர்ச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி வந்தது. அவர் வேலைசெய்த அலுவலகத்தில் விசாரிப்பு. கொட்டாஞ்சேனைக் கிராம அலுவலரிடம், இன்னார் இந்த விலாசத்தில் வசிப்பதில்லை என்று ஒரு கடிதம். இதற்கெல்லாம் அலைந்தவள் நான். ஒவ்வொரு கதவிலும் அவருடைய முழுப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. வீட்டிலும் பழகிவிட்டது, ஒருநாள் அம்மா சோறு போடும்போது, “அவருக்கு இந்த மாதிரி முருங்கைக்காய்க் கறி எண்டா உயிர்,” என்றார். சின்னம்மா, “உப்புக் கூடிப்போச்சு எண்டுதான் எப்பவும் சொல்லுவார்,” என்றார். நான் கறியை விட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பிறகு சின்னம்மாவின் சத்தியக்கடதாசி. சின்னம்மாவுக்குச் சந்தைக்குப் போதிய சிங்களம் தாராளமாக வரும். ஆனால் இதைத் தமிழில்தான் வைப்பேன் என்றார். மெடம் தமிழில் எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு சிங்களம் ஆக்கி இணைத்தார். எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டினார். சின்னம்மா ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினார்.

“‘குடும்பத்தைப் பராமரிக்காமல்’ எண்டு போட்டிருக்கு. அவர் வெளிநாட்டுக்குப் போய்ச் சேந்தவரோ எண்டே தெரியாது. எப்பிடிப் பராமரிக்கிறது?”

“எடுப்போம்.”

“‘தொடர்புகளைத் துண்டித்து’ எண்டால் அவர் துண்டிச்ச மாதிரி.”

“‘தொடர்பு கிடைக்கவில்லை’ எண்டு போடவா?”

“ஓம். அது சரி.”

நான் பக்கத்தில் இருந்து, “ரெண்டும் ஒண்டுதான் சின்னம்மா,” என்றேன்.

மெடம் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “கீழே கையெழுத்துப் போடுறது நீங்க இல்லையே தங்கச்சி.” பிறகு, நான் வாடிப்போனதைப் பார்த்தோ என்னவோ, “போய்ப் பக்கத்தில ரெண்டு ரோல்ஸ் வாங்கிட்டு வாங்க. எனக்கும் பசி,” என்றார்.

அப்படித் திருத்தித் திருத்தி, அச்சடித்துக் கிழித்து, மறுபடி அச்சடித்தோம். வெளியே வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு முறைகூட அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து அறையிலிருந்த, சத்திய ஆணையாளரான இன்னொரு சட்டத்தரணி முன்னால் சின்னம்மா உறுதிமொழி சொல்லிக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து, “ஒரு பொய்யும் இல்லை,” என்று என்னிடம் சொன்னார். பரீட்சைத் தாளைச் சரிபார்த்துக் கொடுத்த பிள்ளை மாதிரி.

மனு போனது. எதிர்மனுதாரர் கணவர். மனுவை யாருக்கு எதிராகக் கொடுக்கிறோமோ அவருக்கு நீதிமன்றம் அறிவித்தல் அனுப்ப வேண்டும். எந்த விலாசத்துக்கு? கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு. அவருடைய கடைசியாகத் தெரிந்த விலாசம் கொட்டாஞ்சேனை வீடு.

மெடம் இதை முன்பே சொல்லியிருந்தார். “ஆன்ட்டி, ஒங்கட வீட்டுக்கே ஒங்கட அறிவித்தல் வரும். பயப்பட வேணாம். அதுதான் ஒழுங்கு.” நாங்கள் சிரித்தோம். தான் அனுப்பிய கடிதத்தைத் தானே வாங்குவது போல என்றார் அம்மா.

அன்று நான் சின்னம்மாவோடு இருந்தேன். அலுமாரிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். யாரோ கதவில் தட்டினார்கள். நான் எழும்ப முன் சின்னம்மா போய்விட்டார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, வியர்த்த முகம். பிஸ்கால் உத்தியோகத்தர். அவர் கோப்பைப் பார்த்து, சின்னம்மாவின் கணவருடைய பெயரை முழுதாக, சிங்கள உச்சரிப்பில், வாசித்தார்.

“மஹத்தயா கெதர இன்னவாத?” ஐயா வீட்டில் இருக்கிறாரா.

சின்னம்மாவுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதிலும் தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்று, அவரை யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம். பால்காரரும் தபால்காரரும் சாதாரணமாகக் கேட்பது போல. ஐயா இருக்கிறாரா.

“நே,” என்றார் சின்னம்மா. இல்லை.

“கொஹேத?” எங்கே.

“தன்னே நே.” தெரியாது. குரல் சரியாகத்தான் வந்தது.

அவர் நல்ல மனிதர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, பையிலிருந்து பசைப் போத்தலை எடுத்து, முன்கதவின் நடுவில் தடவி, அறிவித்தலை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். மடிப்பு விழாமல். பிறகு போய்விட்டார்.

நான் வெளியே வந்து பார்த்தேன். கதவில் அவருடைய பெயர். சின்னம்மாவின் பெயர் மேலே, அவருடைய பெயர் கீழே. மனுதாரர், எதிர்மனுதாரர். சட்டப்படி ஒருவருக்கு ஒருவர் எதிராக. ஆனால் பார்க்க, கலியாண அழைப்பிதழில் போல, ஒன்றின் கீழ் ஒன்றாக.

சின்னம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஹார்ட்வெயார் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. “சின்னம்மா, உள்ள வாங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும்,” என்றார். “இவ்வளவு காலமும் இந்தக் கதவில அவற்ற பேர் இருக்கேல்லை. அப்பாவின்ர பேர் மட்டும்தான் இருந்தது. அவருக்கு அதில ஒரு குறை. வாயால சொல்லேல்லை, ஆனா எனக்குத் தெரியும்.”

அன்று பின்னேரம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று வாசித்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள். “டீச்சர், இது ஆர்?”

“என்ர அவர்,” என்றார் சின்னம்மா. “ஐந்தொகைக் கணக்கை எடு.”

அறிவித்தலை யாரும் கிழிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்தார். மழைச்சாரல் அடித்து மை கரைந்து, விளிம்பு சுருண்டு, எழுத்துகள் அழியும் வரை அது அங்கேயே இருந்தது. பத்திரிகையிலும் ஓர் அறிவித்தல் போட நீதிமன்றம் பணித்தது. அதைச் சின்னம்மா வெட்டிக்கூட வைக்கவில்லை. கதவில் இருந்ததுதான் அவருக்கு அறிவித்தல்.

அறிவித்தலைப் பார்த்து நீதிமன்றத்தில் யாரும் தோன்றவில்லை. விசாரணை நாளில் சின்னம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். மெடம் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சிங்களமாக்கினார், நீதிபதி எழுதினார். கடைசியில் நீதிபதி தானே ஒன்று கேட்டார். உங்கள் கணவர் இப்போது வந்தால் இந்த விற்பனைக்குச் சம்மதிப்பாரா?

மெடம் தலையைத் தூக்கினார். இது நாங்கள் தயார்செய்யாத கேள்வி.

“அவருக்கு அந்தப் படி பிடிக்காது,” என்றார் சின்னம்மா. “தலையில இடிக்கும். வித்துப்போட்டு வா எண்டுதான் சொல்லுவார்.”

மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். நீதிபதியும் லேசாகச் சிரித்ததாக எனக்குப் பட்டது. பிறகு ஒரு வழக்குத் தவணையில் கட்டளை வந்தது. கணவரின் சம்மதமின்றி, இந்த ஆதனத்தின் தன் பாதியை விற்க மனுதாரருக்கு அனுமதி. மெடம் அதை எங்களுக்கு வாசித்து, ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னார். இது இந்த வீட்டுக்கு மட்டும். நாளைக்கு வேறொன்றை விற்க வேண்டுமென்றால் மறுபடி இங்கேதான். பிறகு விற்பனை உறுதியை எழுதிய, வாங்குகிறவர் பக்கத்து நொத்தாரிசின் அலுவலகத்துக்கும் தானே வந்தார். கட்டளையைப் பற்றிய குறிப்பு உறுதியின் முகவுரையில் வழக்கு இலக்கத்தோடு இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வசனத்தைத் திருத்தச் சொன்னார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அம்மாவும் சின்னம்மாவும் கையெழுத்து வைத்துப் பெருவிரல் அடையாளமும் பதித்தார்கள். காணிப் பதிவகத்தில் அது ஏறி, வங்கி திருப்திப்பட்டு, ஃப்ளட் உறுதியை மெடமே எழுதி முடித்தார். அவருடைய பொறுமை அவருக்கு இயல்பானதா, பயின்றதா என்று நான் ஒருநாள் கேட்டேன். “வீட்டில எனக்கு ரெண்டு பொடியனுகள். இங்க வந்தாத்தான் எனக்கு ரெஸ்ட்,” என்றார்.

வெள்ளவத்தை ஃப்ளட்டில் பால் காய்ச்சும் நாளுக்கு மெடத்தைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொன்னபோது அம்மா தயங்கினார். கோர்ட், கச்சேரி சம்பந்தப்பட்டவர்களை நல்ல நாளில் கூப்பிடுவதில்லையாம். “அப்ப நான்தான் முதல்ல வரக்கூடாது. வழக்கு வச்சது நான்தானே,” என்றார் சின்னம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பால் காய்ச்சியது சின்னம்மாதான். புதுப் பானை, பொங்கி வழியும் வரை பொறுமையாக நின்றார். முகூர்த்தம் கழிந்து மெடம் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். அம்மா சேலையைக் கொடுத்தார். அவர் மறுத்து, அம்மா திணித்து, கடைசியில் அது அவர் மடியில் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் ரயில் ஒன்று கடலை மறைத்துக்கொண்டு போனது. நான் அவருக்குக் கதவைப் பற்றிச் சொன்னேன். பிஸ்கால் உத்தியோகத்தர் தண்ணீர் குடித்தது, மடிப்பு விழாமல் நீவியது, இரண்டு பெயர்கள், ஐந்தொகை. வழக்கம்போல வேகமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏற.

முடிந்ததும் மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அறிக்கை வந்த அன்டைக்கு நான் திகதியைத்தான் பாத்தேன்,” என்றார். “சரியா ஒட்டினாங்களா, நாளைக்கு ஒருத்தரும் குறை சொல்ல ஏலாதா எண்டு மட்டும்.” சின்னம்மா நின்ற பக்கம் பார்த்தார். “சொன்னது நல்லம் தங்கச்சி. இதெல்லாம் எங்களுக்கு வந்து சேர்றதில்ல.”

எனக்கு அது போதுமாக இருந்தது.

புறப்பட அவர் எழும்பும்போது சின்னம்மா ஒரு கேள்வி கேட்டார். நெடுநாளாக யோசித்து வைத்திருந்தது போலிருந்தது.

“மெடம், மரணசாசனத்துக்கு அவற்ற சம்மதம் தேவையில்லை எண்டு முதல் நாள் சொன்னீங்கள்.”

“தேவையில்ல. கோர்ட்டும் தேவையில்ல.”

“இந்த வீடு எனக்குப் பிறகு இவளுக்கு. ஆனா அவர் எப்பவாவது வந்தால், இருக்கும் வரைக்கும் இதில இருக்கோணும். ஆரும் அவரை எழுப்பக்கூடாது. அப்பிடி எழுத ஏலுமோ?”

நான் மரணப் பதிவைத் தெரிவுசெய்த அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று சின்னம்மா கையெழுத்து வைத்திருந்தால், இன்று இந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்கிறாரோ அவர் சட்டப்படி இருந்திருக்க மாட்டார்.

“சீவிய உருத்து எண்டு சொல்லுவோம். எழுதலாம் ஆன்ட்டி,” என்றார் மெடம். “எப்ப வந்தா, எப்பிடி உறுதிப்படுத்துறது, அதுவரைக்கும் யார் பாக்கிறது, எல்லாத்தையும் யோசிச்சு எழுதணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “முதல் வரைவை நீங்க எழுதுங்க. தமிழ்ல. ஆன்ட்டி சொல்ற மாதிரியே. நான் பிறகு சட்டத்துக்குக் கொண்டுவாறேன். ஆனா சாட்சிக்கு நிக்க ஏலாது, தெரியும்தானே? வீடு ஒங்களுக்கு வருது. சாட்சிக்கு வெளி ஆக்கள் ரெண்டு பேரைப் பாருங்க.”

லிஃப்ட் கதவு மூடும்போது அவர் இன்னும் ஒன்று சொன்னார். “அவசரப்படாதீங்க.”

இன்று காலை எழுதத் தொடங்கினேன். முதல் வசனத்திலேயே சின்னம்மா நிறுத்திவிட்டார். ‘அவர் திரும்பி வந்தால்’ என்று எழுதியிருந்தேன். திரும்பி என்பதை எடுக்கச் சொன்னார். இந்த வீட்டுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லையே. எடுத்துவிட்டேன். மற்ற வசனங்களை நாளைக்கு, அவருடைய வகுப்பு முடிந்த பிறகு, பக்கத்தில் இருந்து எழுதிப் பார்க்கப் போகிறேன்.